ஒரு பர்ச்சேஸ் பில்லும் ஐந்து சோதனைகளும்

திருப்பூரில் பின்னலாடை தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்துக்குத் தணிக்கைக்குப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் கணக்கிலிருந்து மாதிரிக்கு எடுத்த பில்களில் ஒன்று இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே உள்ள ஒரு நூற்பாலை 2025 பிப்ரவரி 18ஆம் தேதி போட்ட பில். முப்பதாம் நம்பர் கோம்டு பருத்தி நூல், 40 மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ, மொத்தம் 2,000 கிலோ. கிலோ 280 ரூபாய் வீதம் 5,60,000 ரூபாய். அதன்மேல் மத்திய ஜி.எஸ்.டி. 14,000, மாநில ஜி.எஸ்.டி. 14,000. ஆகமொத்தம் 5,88,000 ரூபாய்.

பில்லோடு பர்ச்சேஸ் ஆர்டர், ஸ்டோர்ஸில் போட்ட ஜி.ஆர்.என்., மில் அனுப்பிய பேக்கிங் லிஸ்ட், இ-வே பில், எடைமேடைச் சீட்டு எல்லாம் பின் அடித்து வைத்திருக்கிறார்கள். ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற ரப்பர் ஸ்டாம்பும் இரண்டு கையெழுத்தும் இருக்கின்றன. மார்ச்சில் மில்லுக்குப் பணமும் போய்விட்டது. பார்த்தவுடன் டிக் அடிக்கத் தோன்றும் பில் இது. இதையே எடுத்துக்கொள்வோம்.

தணிக்கைச் சான்று பற்றிய எஸ்.ஏ. 500 தரநிலை பல வழிமுறைகளைச் சொல்கிறது. வெளியாரிடம் உறுதிக் கடிதம் வாங்குவதும் பகுப்பாய்வும் அவற்றில் அடக்கம் என்றாலும், அவை இந்த அத்தியாயத்தில் இல்லை. விசாரித்தல், கவனித்தல், ஆய்ந்து பார்த்தல், மறுகணக்கிடல், மறுசெயலாக்கம் ஆகிய ஐந்தை மட்டும் பார்க்கிறோம். பாடத்தில் உள்ள வரிசைப்படி அல்லாமல், வேலை நம்மை எப்படி இழுத்துக்கொண்டு போகிறதோ அந்த வரிசையில் போவோம்.

முதலில் கேளுங்கள்

விசாரிப்பது என்றால் தெரிந்தவரிடம் தெரிந்ததைக் கேட்பது. கொள்முதல் எப்படி நடக்கிறது என்று மேனேஜரிடம் கேட்டால், எப்படி நடக்க வேண்டும் என்று அவர் நினைக்கிறாரோ அதைத்தான் சொல்வார். லாரி வரும்போது வாசலில் நிற்பவர் ஸ்டோர் கீப்பர். பில்லைக் கணினியில் ஏற்றுபவர் அக்கவுண்டன்ட். இந்த இருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேச வேண்டும்.

கேள்வியை எப்படிப் போடுகிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. “மூட்டையை எண்ணுவீங்களா?” என்று கேட்டால் “எண்ணுவோம்” என்றுதான் பதில் வரும். “லோடு வந்து நின்னதும் முதல்ல என்னண்ணா செய்வீங்க? அப்புறம்?” என்று கேட்டுவிட்டு, அவரைப் பேச விடுங்கள்.

ஸ்டோர் கீப்பர் சொல்கிறார்: “எடைமேடையில எடை போட்டுட்டு வந்துதானுங்க சார் உள்ளயே விடுவோம். மூட்டையை எண்ணி எறக்கி, ஜி.ஆர்.என். போட்டு ஆபீசுக்குக் குடுத்துருவோம்.”

அக்கவுண்டன்ட் சொல்கிறார்: “பி.ஓ., ஜி.ஆர்.என்., பில் மூணையும் ஒப்பிட்டுத்தான் சார் பாஸ் பண்றோம். ஒண்ணு இடிச்சாலும் சிஸ்டம் விடாது.”

இரண்டு பேரும் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர்கள் சொன்னதில் மூன்று கூற்றுகள் இருக்கின்றன: எடை போடுகிறோம், எண்ணுகிறோம், ஒப்பிடுகிறோம். குறிப்பில் மூன்றையும் எழுதி, யார் எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை மட்டும் வைத்து ஒரு கட்டுப்பாடு வேலை செய்கிறது என்று முடிவு கட்டக் கூடாது என்பதில் எஸ்.ஏ. 500 தெளிவாக இருக்கிறது. விசாரணையால் கிடைக்கும் பெரிய லாபம், அடுத்து எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடுவதுதான். இனி இந்த மூன்று கூற்றுகளையும் பின்தொடர்வோம்.

கூட்டிப் பெருக்கிப் பாருங்கள்

மறுகணக்கிடல் ஐந்து நிமிட வேலை. 40 மூட்டை, ஐம்பது கிலோ: 2,000. கிலோ 280 வீதம் 5,60,000. பருத்தி நூலுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். விற்பவரும் வாங்குபவரும் ஒரே மாநிலத்தில் இருப்பதால் அது இரண்டரை, இரண்டரையாகப் பிரிய வேண்டும், பிரிந்திருக்கிறது. மொத்தம் 5,88,000. ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. பேரேட்டில் நூல் கொள்முதல் 5,60,000, உள்ளீட்டு வரி 28,000 என்று ஏறியிருப்பதும் சரி.

இங்கே பெரும்பாலோர் செய்யும் பிழை, இந்தச் சரியை எல்லாவற்றுக்குமான சரியாக எடுத்துக்கொள்வது. இன்றைக்குப் பில் போடுவது மென்பொருள். பெருக்கல் தப்புவது அரிது. கூட்டல் சரியாக இருந்தால், உள்ளே போட்ட எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்று பொருள். 2,000 கிலோ வந்ததா, 280 ரூபாய்க்குத்தான் பேசினார்களா என்பதைக் கூட்டல் சொல்லாது. கையால் தயாரித்த தள்ளுபடிப் பட்டியல், வட்டிக் கணக்கு, தேய்மான அட்டவணை போன்றவற்றில் மறுகணக்கு நிறையக் கண்டுபிடித்துக் கொடுக்கும். இந்த மாதிரிப் பில்லில் அதற்குக் கொடுக்க வேண்டிய நேரம் கொஞ்சம்தான்.

தாள்களைப் பிரித்துப் பாருங்கள்

ஆய்ந்து பார்ப்பதில்தான் நேரம் செலவாக வேண்டும். ஒவ்வொரு தாளையும் எடுக்கும்போது இரண்டு கேள்விகள்: இதை உண்டாக்கியது யார்? இதிலுள்ள எண் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது?

பில் வெளியார் தந்தது. மில் மின்விலைப்பட்டியல் போடும் அளவுக்கு விற்றுமுதல் உள்ளதால் கியூ.ஆர். குறி அச்சாகியிருக்கிறது. அதை ஸ்கேன் செய்தால் விற்பவர், வாங்குபவர் இருவரின் ஜி.எஸ்.டி. எண், பில் எண், தேதி, மொத்தத் தொகை ஆகியவை திரையில் வரும். தாளில் உள்ளதும் திரையில் உள்ளதும் ஒன்றுதானா என்று பாருங்கள். அந்த மாத ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலிலும் இதே பில் இருக்கிறது. ஆகவே பில் போலியில்லை. மில் இப்படி ஒரு பில் போட்டது உண்மை. இ-வே பில்லில் உள்ள லாரி எண்ணும், எடைமேடைச் சீட்டில் உள்ள எண்ணும், வாசல் பதிவேட்டில் வாட்ச்மேன் எழுதிய எண்ணும் ஒன்றே. பிப்ரவரி 19 காலையில் இந்த லாரி இங்கே வந்ததும் உண்மை.

அடுத்து ஜி.ஆர்.என். ‘40 மூட்டை, 2,000 கிலோ’ என்று இருக்கிறது. எடைமேடைச் சீட்டில் லோடோடு 5,870 கிலோ, காலி லாரி 3,870 கிலோ, நிகரம் 2,000 கிலோ. பில்லில் 2,000, ஜி.ஆர்.என்.-இல் 2,000, எடைச் சீட்டில் 2,000. மூன்றும் அச்சாக ஒன்றுபோல் நிற்கின்றன. பலரும் இந்த இடத்தில் திருப்தியாகி நகர்ந்துவிடுவார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். பில்லில் உள்ள 2,000 நூலின் நிகர எடை. எடைமேடையில் ஏறியது வெறும் நூல் இல்லை. ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் நூல் சுற்றிய அட்டைக் கோன்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மேல் பாலித்தீன், அதற்கு மேல் சாக்கு. இவ்வளவும் சேர்ந்து எப்படி 2,000 ஆகும்? கோப்பின் அடியில் யாரும் புரட்டாமல் கிடக்கும் பேக்கிங் லிஸ்ட்டை எடுங்கள். அதில் மூட்டை எண்வாரியாக இரண்டு எடைகள் இருக்கின்றன: நிகர எடை 50 கிலோ, மொத்த எடை 51.3 கிலோ. 40 மூட்டைக்கு மொத்த எடை 2,052 கிலோ. எடைமேடை காட்டியிருக்க வேண்டிய எண் அதுதான். காட்டியது 2,000. குறைவது 52 கிலோ. ஒரு மூட்டையின் மொத்த எடை 51.3 கிலோ.

39 மூட்டையை 51.3 ஆல் பெருக்கினால் 2,000.7. எல்லாம் பொருந்திவந்ததே இங்கே கோளாறுக்கு அடையாளம். எடைச் சீட்டில் 2,050 என்று இருந்திருந்தால்தான் 40 மூட்டை வந்ததாகக் கொள்ளலாம். பில்லில் உள்ள எண்ணையும் எடைச் சீட்டில் உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், இரண்டும் ஒரே பொருளின் எடைதானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நூலில் மட்டும் இல்லை. டிரம்மில் வரும் சாயம், டின்னில் வரும் எண்ணெய் என்று உறையோடு எடை போடும் எந்தச் சரக்குக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

இதற்குள் ஒரு மூட்டை குறைந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். வேறு காரணங்கள் இருக்கலாம். காலி லாரியை எடை போடாமல் பழைய சீட்டிலிருந்து எண்ணைப் போட்டிருக்கலாம். அதனால்தான் சீட்டில் இரண்டு எடைக்கும் அச்சான நேரத்தைப் பார்க்க வேண்டும்: லோடோடு 11.10, காலியாக 12.35, அதே நாள். இறக்க ஆகும் நேரத்துக்கு இது பொருந்துகிறது. இந்த எடைமேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும் என்பதால் சிறு வித்தியாசம் வரலாம். 52 கிலோ அதில் அடங்காது. இடையில் டீசல் போட்டிருந்தால் காலி எடை கூடி நிகரம் குறைந்து தெரியும். அதையும் விட்டுவைக்கக் கூடாது. ஆக எடைச் சீட்டு பலமான சந்தேகத்தைத் தருகிறது; அதை உறுதி செய்ய இன்னொரு பக்கத்திலிருந்து வர வேண்டும்.

அந்தப் பக்கம் சரக்கு வெளியே போன வழி. நூல் ஸ்டோர்ஸிலிருந்து நிட்டிங் ஜாப் ஒர்க்குக்குப் போகிறது. ஒவ்வொரு முறையும் டெலிவரி சலான் போடுகிறார்கள், அதில் லாட் நம்பர் உண்டு. இந்தப் பில்லின் லாட்டைத் தேடினால் இரண்டு சலான்கள் கிடைக்கின்றன: ஒரு நிட்டிங் யூனிட்டுக்கு 22 மூட்டை, இன்னொன்றுக்கு 17 மூட்டை. இரண்டிலும் வாங்கியவர்களின் கையெழுத்து இருக்கிறது. மொத்தம் 39. ஸ்டாக் புத்தகத்தில் அந்த லாட்டில் ஒரு மூட்டை இருப்பு நிற்கிறது. குடோனுக்குப் போய்ப் பாருங்கள். ஆய்ந்து பார்ப்பது தாளோடு முடிவதில்லை. பொருளைக் கண்ணால் பார்ப்பதும் அதில் சேர்த்திதான். அடுக்கில் வேறு லாட்டுகள் இருக்கின்றன. அந்த லாட்டில் ஒரு மூட்டைகூட இல்லை.

சலான் மட்டும் கிடைத்திருந்தால் 40 வந்து ஒன்று குடோனில் தொலைந்தது என்றும் சொல்ல இடமிருந்தது. எடைச் சீட்டு மட்டும் என்றால் டீசல் என்று சொல்ல இடமிருந்தது. ஒன்றையொன்று அறியாத இரண்டு தாள்களும் 39ஐக் காட்டும்போது, லாரி வந்தபோதே ஒரு மூட்டை குறைந்திருந்தது என்று சொல்லும் துணிவு நமக்கு வருகிறது.

அவர்கள் செய்ததை நீங்களே செய்யுங்கள்

மறுகணக்கும் மறுசெயலாக்கமும் ஒன்றுபோலத் தோன்றும். மறுகணக்கில் எண்களின் கணிதத்தைச் சரிபார்க்கிறோம். மறுசெயலாக்கத்தில், நிறுவனம் தன் கட்டுப்பாட்டுக்காகச் செய்யும் ஒரு வேலையை நாமே முதலிலிருந்து செய்து, அதே முடிவு வருகிறதா என்று பார்க்கிறோம். இங்கே அந்த வேலை, பி.ஓ., ஜி.ஆர்.என்., பில் மூன்றையும் ஒப்பிடுவது.

ஸ்டாம்பையும் கையெழுத்தையும் பார்த்து “ஒப்பிட்டிருக்கிறார்கள்” என்று எழுதுவது மறுசெயலாக்கம் ஆகாது. ஒருவர் கையெழுத்துப் போட்டார் என்பதுதான் அதிலிருந்து தெரியும். பின் அடித்த பி.ஓ. நகலையும் நம்பாமல், கொள்முதல் பிரிவின் கோப்பிலிருந்து மூல பி.ஓ.வை வாங்கிக்கொண்டு வரி வரியாக ஒப்பிடுங்கள்.

பி.ஓ.வில் கிலோ 278 ரூபாய். பில்லில் 280. கிலோவுக்கு இரண்டு ரூபாய், 2,000 கிலோவுக்கு 4,000 ரூபாய் கூடுதல். “ஒண்ணு இடிச்சாலும் சிஸ்டம் விடாது” என்ற பேச்சு என்ன ஆயிற்று? கணினியின் அமைப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். விலையில் ஒரு சதவீதம் வரை வித்தியாசம் இருந்தால் தானாகவே பாஸ் ஆகும்படி வைத்திருக்கிறார்கள். 278க்கு 2 என்பது 0.72 சதவீதம். சிஸ்டம் தனக்குச் சொன்னபடிதான் நடந்துகொண்டது.

இப்படி ஒரு வரம்பு வைப்பதில் தவறில்லை. பைசா வித்தியாசத்துக்கெல்லாம் பில்லை நிறுத்தினால் வேலை ஓடாது. ஆனால் சதவீத வரம்போடு ரூபாய் உச்சவரம்பும் இருக்க வேண்டும். பத்தாயிரம் ரூபாய்ப் பில்லில் ஒரு சதவீதம் நூறு ரூபாய், ஐந்தரை லட்சத்தில் ஐயாயிரத்துக்கு மேல். இந்த வரம்பை யார் எப்போது வைத்தார், யார் ஒப்புதல் கொடுத்தார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மில்காரர்கள் தொடர்ந்து ஒரு சதவீதத்துக்குச் சற்றே கீழே விலையை ஏற்றிப் போடுகிறார்களா என்பது அடுத்த கேள்வி. மற்ற நூல் பில்களையும் பி.ஓ.வோடு ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அளவைப் பொறுத்தவரை உங்கள் ஒப்பீடும் பாஸ் ஆகிறது. பி.ஓ. 2,000, ஜி.ஆர்.என். 2,000, பில் 2,000. மறுசெயலாக்கத்தின் எல்லை இதுதான். கட்டுப்பாட்டை அப்படியே திரும்பச் செய்தால், அதற்குள் வரும் எண்ணில் உள்ள குறையும் அப்படியே திரும்ப வரும். ஜி.ஆர்.என்.-இல் அந்த நாற்பது எப்படி விழுந்தது என்று தெரிந்துகொள்ள வாசலுக்குத்தான் போக வேண்டும்.

லாரி வரும்போது நில்லுங்கள்

அடுத்த நூல் லோடு வரும் நாளில், முன்கூட்டிச் சொல்லாமல், இறக்கும் இடத்தில் போய் நில்லுங்கள். பேசாமல், பென்சிலும் நோட்டுமாக ஓரமாக நின்றால் போதும். குறுக்கே கேள்வி கேட்டால் நடப்பது மாறிவிடும்.

டிரைவர் பில்லை நீட்டுகிறார். ஸ்டோர் கீப்பர் அதை வாங்கிக்கொண்டு மேசைக்குப் போய், லாரியில் ஆள் ஏறும் முன்பே ஜி.ஆர்.என். புத்தகத்தைத் திறந்து பில்லைப் பார்த்து எழுதத் தொடங்குகிறார். லோடுமேன்கள் மூட்டையை அடுக்குகிறார்கள். இறக்கி முடிந்தபின் ஸ்டோர் கீப்பர் அடுக்கை ஒருதரம் பார்க்கிறார். முன்வரிசை தெரிகிறது, பின்வரிசை தெரியாது. எடைச் சீட்டு வருகிறது. அதைப் பில்லோடு வைத்துப் பின் அடிக்கிறார்.

ஒப்பீட்டில் மூன்று தாள்கள் இருந்தாலும் அளவைப் பற்றிச் சாட்சி சொன்னது பி.ஓ.வும் பில்லும் மட்டுமே. ஜி.ஆர்.என். பில்லின் நகல். அதனால்தான் சரக்கு குறைந்தாலும் ஒப்பீடு ஒருபோதும் இடிக்காது.

கவனித்தலுக்கும் எல்லை உண்டு. நீங்கள் நின்ற அன்று நடந்ததுதான் உங்களுக்குத் தெரியும். பிப்ரவரி 19 அன்று என்ன நடந்தது என்பது அதிலிருந்து நேரே தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் எல்லோரும் கொஞ்சம் கூடுதல் கவனமாகத்தான் இருப்பார்கள். நீங்கள் நிற்கும்போதே எண்ணவில்லை என்றால், நிற்காத நாளில் எண்ணியிருக்க வாய்ப்பு குறைவு என்று கொள்ளலாம். மாறாக, அன்று ஒவ்வொரு மூட்டையாக எண்ணியிருந்தால், எப்போதும் அப்படித்தான் என்று எழுத முடியாது.

திரும்பவும் கேளுங்கள்

இப்போது விசாரணை வேறு தரத்தில் நடக்கும். கையில் எடைச் சீட்டும் பேக்கிங் லிஸ்ட்டும் சலான்களும் இருக்கின்றன. குற்றம் சாட்டும் குரல் வேண்டாம். “அண்ணா, இந்த லோடுக்குப் பேக்கிங் லிஸ்ட்ல 2,052 இருக்கு, எடைமேடையில 2,000 வந்திருக்கு. எப்படின்னு கொஞ்சம் சொல்றீங்களா?” என்று தாளைக் காட்டிக் கேளுங்கள். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “எடைச் சீட்டும் பில்லும் ஒத்துப்போச்சேன்னு விட்டுட்டேனுங்க சார். பேக்கிங் லிஸ்ட்டு ஆபீசுக்குத்தான் போகும், நாங்க பாக்கறதில்லீங்க” என்கிறார். நடைமுறையில் ஓட்டை எங்கே என்பதை இந்தப் பதில் காட்டிவிடுகிறது. மூட்டை மில்லிலேயே ஏறவில்லையா, வழியில் இறங்கியதா என்பதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. அதை நிர்வாகம் மில்லோடும் லாரிக்காரரோடும் பேசிக்கொள்ள வேண்டும். மோசடி என்ற சந்தேகம் உங்களுக்கு வந்தால், ஸ்டோர்ஸில் பேசாமல் உங்கள் மூத்த தணிக்கையாளரிடம் சொல்லுங்கள்.

தொகையைக் கணக்கிடுவோம். வந்தது 1,950 கிலோ, பேசியது 278 ரூபாய்: 5,42,100. பில் 5,60,000. வித்தியாசம் 17,900, அதில் 14,000 வராத மூட்டைக்கு, மீதி 3,900 விலை ஏற்றத்துக்கு. ஐந்து சதவீத வரி 895 சேர்த்தால் 18,795 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கிறது. சரக்கைப் பெற்றிருந்தால்தான் உள்ளீட்டு வரி எடுக்கலாம் என்பதால், வராத மூட்டைக்கு எடுத்த 700 ரூபாயைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். மில்லிடமிருந்து கிரெடிட் நோட் வந்தால் கொள்முதலும் வரியும் அதன்படி திருத்தப்படும். வருட இறுதிச் சரக்கிருப்புப் பட்டியலில் இல்லாத அந்த ஒரு மூட்டை ஏறியிருந்தால் அதையும் நீக்க வேண்டும்.

பல கோடி ரூபாய்க் கொள்முதலில் 18,795 சிறிய தொகை. ஆனால் ஜி.ஆர்.என்.-ஐப் பில்லைப் பார்த்து எழுதும் பழக்கம் ஒரு லோடுக்கு மட்டும் உரியதில்லை. ஆகவே இந்தத் தொகையோடு நிறுத்தாமல், அந்த ஆண்டின் நூல் லோடுகளில் எடைச் சீட்டும் பேக்கிங் லிஸ்ட்டும் உள்ளவற்றை எடுத்து, மொத்த எடையோடு மொத்த எடையை ஒப்பிடுங்கள். மாதிரியின் அளவையும் கூட்ட வேண்டியிருக்கும்.

பணித்தாளில் “கொள்முதல் சரிபார்க்கப்பட்டது” என்று ஒரு வரி எழுதாதீர்கள். பில் எண், பார்த்த தாள்கள், அவை மூலமா நகலா, யாரிடம் எந்தத் தேதியில் என்ன கேட்டீர்கள், எந்த லாரி இறங்கும்போது நின்றீர்கள், 2,052க்கும் 2,000க்கும் உள்ள கணக்கு, சலான் எண்கள், கணினியில் வைத்திருந்த ஒரு சதவீத வரம்பின் திரைப் பிரதி இவ்வளவும் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு இந்தக் கோப்பைத் திறக்கும் இன்னொருவர் உங்களைக் கேட்காமலே அந்த 39 மூட்டையை வந்தடைய முடிகிற அளவுக்கு எழுதுங்கள். நிர்வாகத்துக்குப் போகும் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் போதும்: ஜி.ஆர்.என். எழுதுபவருக்குப் பில்லைக் கொடுக்காமல் அளவு குறிக்காத பி.ஓ. நகலை மட்டும் கொடுத்து எண்ணி எழுதச் செய்வது, விலை வித்தியாச வரம்புக்கு ஒரு ரூபாய் உச்சவரம்பு வைப்பது.